கடைசி நிமிடத்தில் கலக்கும் நிறம்

பெயிண்ட் கடையில் ஷேட் கார்டைப் புரட்டி ஒரு கட்டத்தின் மேல் விரல் வைக்கிறோம். கடைக்காரர் அந்த ஷேட்டின் எண்ணைக் கணினியில் தட்டுகிறார். பின்னால் அடுக்கியிருக்கும் டப்பாக்களில் ஒன்றை எடுத்து மூடியைத் திறக்கிறார். உள்ளே நாம் கேட்ட நிறம் இல்லை, வெள்ளையாக ஏதோ இருக்கிறது. அதை டின்டிங் மெஷினுக்குக் கீழே வைத்ததும் மஞ்சள் கொஞ்சம், செம்மண் நிறம் இன்னும் கொஞ்சம், கறுப்பு ஒரு சொட்டு என்று மேலிருந்து இறங்குகிறது. மூடியை அடித்து மூடி, குலுக்கும் எந்திரத்தில் சில நிமிடம் ஓடவிடுகிறார். திறந்து பார்த்தால் கார்டில் பார்த்த சந்தன நிறம்.

நாம் விரல் வைக்கும் வரை அந்த நிறத்தில் ஒரு டப்பாகூட உலகத்தில் இருந்திருக்காது. தொழிற்சாலையிலும் இல்லை, கம்பெனியின் கிடங்கிலும் இல்லை, கடையின் பின்னறையிலும் இல்லை. பொருளை முழுவதுமாகச் செய்து முடித்துவிட்டு வாங்குபவருக்காகக் காத்திருப்பதுதான் வழக்கம். இங்கே பெரும்பங்கு வேலையை முடித்துவிட்டு, பொருளுக்குப் பொருள் வேறுபடும் அந்த ஒரு வேலையை மட்டும் வாங்குபவர் வந்து நிற்கும் வரை நிறுத்தி வைத்திருக்கிறார்கள். சரக்கு மேலாண்மைப் பாடத்தில் இதைத் தள்ளிப்போடும் உத்தி என்கிறார்கள். வ்ரோ ஆல்டர்சன் என்ற அமெரிக்க வணிகவியல் அறிஞர் 1950-லேயே இதை ஒரு கொள்கையாக எழுதிவைத்தார். பொருளின் வடிவத்தையும் அடையாளத்தையும் மாற்றும் வேலையை முடிந்த அளவு கடைசிக் கட்டத்துக்குக் கொண்டுபோக வேண்டும் என்பது அதன் சாரம்.

மெஷின் வருவதற்கு முன்பும் நம் பெயிண்டர்கள் இதைச் செய்துகொண்டுதான் இருந்தார்கள். வெள்ளைப் பெயிண்டை வாளியில் ஊற்றி, ஸ்டெய்னரைப் பிழிந்து, குச்சியால் கலக்கி, சுவரில் ஒரு தீற்று இழுத்து, “அண்ணே, இது போதுமா, இன்னும் கொஞ்சம் ஏத்தவா?” என்று வீட்டுக்காரரைக் கேட்பார்கள். முதல் வாளி அருமையாக வரும். இரண்டாவது வாளி அதோடு ஒட்டாது. கடைசியில் கலப்பது சுலபம்தான். ஒவ்வொரு முறையும் அதே நிறம் வரும்படி கலப்பதற்குத்தான் கணினியும் துல்லியமான பம்புகளும் தேவைப்பட்டன.

கடையில் இருக்கும் அந்த வெள்ளைச் சரக்குக்கு பேஸ் என்று பெயர். எல்லா நிறத்துக்கும் ஒரே பேஸ் போதுமானால் எவ்வளவோ வசதி. அப்படி முடியாததற்குக் காரணம் டைட்டானியம் டையாக்சைடு. பெயிண்டுக்கு வெண்மையையும், அடியில் இருப்பதை மறைக்கும் சக்தியையும் கொடுப்பது இந்த வெள்ளைப் பொடிதான். விலையும் அதிகம். இதன் துகள்கள் ஒளியை எல்லாத் திசைகளிலும் சிதறடிப்பதால் எதனோடு கலந்தாலும் அதை வெளிறச் செய்துவிடும். வெளிர் நீலத்துக்கும் சந்தனத்துக்கும் அது நல்லது. அடர்ந்த மெரூன் வேண்டும் என்றால் அதே பேஸில் எத்தனை சிவப்பு ஊற்றினாலும் ரோஸ் நிறத்தைத் தாண்டாது. அதனால் வெளிர் நிறங்களுக்கு டைட்டானியம் நிறைய உள்ள ஒரு பேஸ், நடுத்தர நிறங்களுக்குக் குறைவாக உள்ள ஒரு பேஸ், அடர் நிறங்களுக்கு அது அறவே இல்லாத ஒரு பேஸ் என்று பிரித்துச் செய்கிறார்கள். கடைசியாகச் சொன்னதைத் திறந்து பார்த்தால் டப்பாவில் பால்போலத்தான் இருக்கும், ஆனால் சுவரில் பூசிக் காயவிட்டால் கிட்டத்தட்ட நிறமற்றுப் போய்விடும்.

பேஸ் டப்பாவைத் தளும்ப நிரப்புவதும் இல்லை. ஒரு லிட்டர் டப்பாவில் ஏறக்குறைய 900 மில்லிலிட்டர்தான் இருக்கும். மீதி இடம் கலரன்டுக்கு. அதனால் ஒரு டப்பாவுக்குள் எவ்வளவு கலரன்ட் போகலாம் என்பதற்கு வரம்பு உண்டு. இடம் இருக்கிறதே என்று அந்த வரம்பை மீறினாலும் பெயிண்ட் கெடும், ஏனென்றால் கலரன்டில் பெயிண்டைச் சுவரில் பிடிக்க வைக்கும் பசை இல்லை. அளவு மீறினால் காயத் தாமதமாகும், ஈரம் பட்டால் கோடு கோடாக வழியும். ‘நிறம் கடைசியில்’ என்ற எளிய யோசனைக்குப் பின்னால் இவ்வளவு வேதியியல் தயாராக இருக்க வேண்டியிருக்கிறது. ஒரு டஜன் கலரன்டுகளும் எல்லா பேஸோடும் சண்டையில்லாமல் சேர வேண்டும். இல்லாவிட்டால் எந்த மெஷினும் உதவாது.

இதனால் கடைக்காரருக்கு என்ன லாபம் என்பதை ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். கற்பனையான ஒரு கடை. வாரத்துக்குச் சராசரியாக 200 டப்பா விற்கிறது, கம்பெனி வண்டி வாரம் ஒருமுறை வருகிறது. முதலில் மெஷின் இல்லை என்று வைத்துக்கொள்வோம். 100 நிறங்களை ரெடிமேடாக அடுக்கியிருக்கிறார். ஒவ்வொரு நிறமும் வாரத்துக்குச் சராசரியாக 2 டப்பா போகும். சராசரி 2 என்றால் ஒரு வாரம் ஒன்றும் போகாது, இன்னொரு வாரம் நாலு போகும். யார் எப்போது எதைக் கேட்பார் என்று தெரியாது. ஒரு நிறம் வாரத்துக்குள் தீர்ந்துபோகும் வாய்ப்பு நூற்றில் இரண்டுக்குள் இருக்க வேண்டும் என்று கடைக்காரர் விரும்பினால், நிகழ்தகவுக் கணக்குப்படி ஒவ்வொரு நிறத்திலும் 5 டப்பா வைக்க வேண்டும். மொத்தம் 500. விற்பது 200தான். மீதி 300 டப்பா சும்மா நிற்கும்.

இப்போது வாடிக்கையாளர்களுக்கு ஆசை விரிகிறது, 100 நிறம் போதவில்லை, 1000 நிறம் கேட்கிறார்கள் என்று வைப்போம். மொத்த விற்பனை அதே 200தான். அப்படியானால் ஒரு நிறம் சராசரியாக ஐந்து வாரத்துக்கு ஒருமுறைதான் போகும். ஆனாலும் அதே அளவு நம்பிக்கையோடு விற்க ஒவ்வொன்றிலும் குறைந்தது ஒரு டப்பா வேண்டுமே. 1000 டப்பா ஆகிவிட்டது. அதில் 800 நகராமல் நிற்கும். சில நிறங்கள் அலமாரியிலேயே பழசாகிப் போகும்.

அதே கடையில் மெஷினை வைத்துப் பார்ப்போம். யார் எந்த நிறம் கேட்டாலும் எடுப்பது பேஸ் டப்பாதான். ஒரே பேஸ் போதும் என்று கொண்டால், வாரத்துக்கு 200 விற்கும் அந்த ஒரு சரக்குக்கு 230 டப்பா இருந்தால் அதே நம்பிக்கை கிடைக்கும். ஒருவர் சந்தனம் கேட்காத வாரத்தில் இன்னொருவர் பச்சை கேட்பார். ஏற்றமும் இறக்கமும் ஒன்றையொன்று பெரும்பாலும் ஈடுசெய்துகொள்வதால் மொத்தத்தில் ஆட்டம் குறைவு. நிஜத்தில் மூன்று பேஸ் வேண்டும் என்று பார்த்தோம். விற்பனை 100, 60, 40 என்று அவற்றுக்குள் பிரிந்தால் தேவைப்படுவது 250 டப்பா. டைட்டானியத்தின் குணத்தால் நாம் கட்டும் விலை அந்தக் கூடுதல் 20 டப்பா. முக்கியமான விஷயம், இந்த 250 என்பது 100 நிறம் விற்றாலும் 250தான், 1000 நிறம் விற்றாலும் 250தான். ஷேட் கார்டு தடிக்கத் தடிக்கக் கடையின் பின்னறை பெரிதாக வேண்டியதில்லை. தொழிற்சாலைக்கும் இதே சௌகரியம் உண்டு. வெளிர் நிறத்தில் தொடங்கி அடர் நிறம் வரை வரிசை போட்டுக் கலக்கி, நடுநடுவே தொட்டியைக் கழுவி, கழுவிய கழிவைச் சுத்திகரிக்கும் பாடு பெரிதும் குறைகிறது.

இந்தக் கணக்கில் ஒரு அனுமானம் ஒளிந்திருக்கிறது. ஒரு நிறத்தின் தேவை இன்னொரு நிறத்தோடு சம்பந்தமில்லாமல் ஏறி இறங்கும் என்று எடுத்துக்கொண்டோம். மார்கழியில் அது பொய்த்துவிடும். பொங்கலுக்கு முன்னால் வீட்டுக்கு வெள்ளையடிப்பவர்கள் எல்லாரும் ஒரே சமயத்தில் கிளம்புவார்கள். சந்தனமும் ஏறும், பச்சையும் ஏறும், நீலமும் ஏறும். ஒன்றின் இறக்கம் இன்னொன்றின் ஏற்றத்தை ஈடுசெய்ய வழியே இல்லை. வாரத் தேவை 400-க்குப் போனால் கையில் இருக்கும் 250 டப்பாவை வைத்துக்கொண்டு மெஷின் என்ன செய்ய முடியும்? எந்த நிறம் என்ற கேள்வியைக் கடைசிவரை தள்ளிப்போடலாம். எவ்வளவு பெயிண்ட் என்ற கேள்வியைத் தள்ளிப்போட முடியாது. அதை இரண்டு மாதம் முன்பே யோசித்துப் பேஸை இறக்கி வைத்தாக வேண்டும். இந்த உத்தியைப் பற்றிப் பேசுகிறவர்கள் இந்த வேறுபாட்டை அழுத்திச் சொல்வதில்லை என்பது என் ஆதங்கம். சொல்லாமல் விட்டால், மெஷின் வாங்கிய கடைக்காரர் பண்டிகை வாரத்தில் வெறும் அலமாரியைப் பார்த்து மெஷினைக் குற்றம் சொல்வார்.

வேறொரு ஆபத்தும் புதிதாக வந்து சேர்கிறது. ரெடிமேட் கடையில் ஒரு நிறம் தீர்ந்தால் அந்த ஒரு வியாபாரம்தான் போகும். மெஷின் கடையில் மஞ்சள் ஆக்சைடு கலரன்ட் தீர்ந்தால் சந்தனம், கிரீம், தேன், ஓடு நிறம் என்று நூற்றுக்கணக்கான ஷேட்டுகள் ஒரே நேரத்தில் நின்றுபோகும். மெஷின் பழுதானால் கடையில் வெள்ளை மட்டும்தான். அதனால் பேஸை அளந்து வைக்கும் கடைக்காரர் கலரன்டை மட்டும் தாராளமாகவே வைக்கிறார். ஒரு லிட்டர் கலரன்ட் பல டப்பாக்களுக்கு வரும் என்பதால் அது தாங்கக்கூடிய செலவு.

இனி நிறத்தின் தரத்துக்கு யார் பொறுப்பு? ரெடிமேட் டப்பா என்றால் தொழிற்சாலைப் பரிசோதனைக் கூடத்தில் நிறத்தை ஒப்பிட்டுப் பார்த்த பிறகுதான் வெளியே வரும். இப்போது கடைசி வேலை நடப்பது கடையில். அங்கே பரிசோதனைக் கூடம் இல்லை, மாதத்துக்கொருமுறை மாறும் கடைப் பையன்தான் இருக்கிறான். தள்ளிப்போடும் உத்தி எந்தத் தொழிலில் வந்தாலும் இந்தச் சுமை கடைசிக் கையின் மேல் இறங்கும்.

பெரும்பாலான கோளாறு மெஷினின் மூக்கில் தொடங்குகிறது. இரவெல்லாம் ஓடாமல் நிற்கும்போது கலரன்ட் முனையில் காய்ந்து துவாரத்தைச் சுருக்கிவிடும். காலையில் முதல் வேலையாகக் கொஞ்சம் கலரன்டை வெளியேற்றி, முனையைத் துடைத்து, பிறகுதான் வியாபாரத்தைத் தொடங்க வேண்டும். இதைச் செய்யாத கடையில் முதல் டப்பாவுக்கு அரை மில்லிலிட்டர் குறைவாக விழலாம். அடர் நிறத்தில் அது கண்ணுக்குத் தெரியாது. ஒரு லிட்டர் வெளிர் சந்தனத்துக்கு மொத்தமே இரண்டு மில்லிலிட்டர் மஞ்சள்தான் என்றால், அரை மில்லிலிட்டர் என்பது கால்வாசி. அதே அரை மில்லிலிட்டர் 20 லிட்டர் வாளியில் குறைந்தால் யாருக்கும் தெரியாது. மாதிரிக்கென்று ஒரு லிட்டர் வாங்கிச் சுவரில் அடித்துப் பார்த்துப் பிடித்துப்போய், பிறகு பெரிய வாளி வாங்கினால் நிறம் கொஞ்சம் மாறியிருப்பதற்கு இது ஒரு காரணம்.

வீடு பூசுகிறவர் இதைக் கண்டுபிடிக்க வழி இருக்கிறது. கலந்து முடித்த பெயிண்டைக் கடையிலேயே ஒரு அட்டையில் தடவிக் காயவிட்டு ஷேட் கார்டோடு ஒப்பிடச் சொல்லலாம். ஈரமாக இருக்கும்போது ஒப்பிடக்கூடாது, எமல்ஷன் காய்ந்ததும் சற்று அடர்ந்து தெரியும். பாதி காய்ந்த நிலையில் அதே தடவலின் ஒரு மூலையை விரலால் தேய்த்துப் பார்ப்பது இன்னொரு சோதனை. தேய்த்த இடம் மட்டும் நிறம் மாறித் தெரிந்தால் கலரன்ட் உள்ளே சரியாகப் பரவவில்லை, மறுபடி குலுக்க வேண்டும். சில டப்பாக்கள் வாங்கினால் எல்லாவற்றையும் ஒரே பெரிய வாளியில் ஊற்றிக் கலந்து பிறகு பூசுவது நல்ல பெயிண்டர்களின் பழக்கம். டப்பாவுக்கு டப்பா இருக்கும் மெல்லிய வேறுபாடு அதில் கரைந்துவிடும். டப்பாவின் மேல் மெஷின் ஒட்டித் தரும் ஸ்டிக்கரைக் கிழித்துப் போடாமல் படம் எடுத்து வைத்துக்கொள்வதும் நல்லது. எந்த பேஸ், எந்தக் கலரன்ட் எவ்வளவு என்பது அதில் இருக்கும். இரண்டு வருடம் கழித்து ஒரு சுவரை மட்டும் திரும்பப் பூச நேர்ந்தால் அதுதான் கைகொடுக்கும். கலந்த டப்பாவைக் கடை திரும்ப எடுக்காது என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். அந்த நிறத்தைக் கேட்டு இன்னொருவர் வர ஐந்து வாரம் ஆகலாம் என்று மேலே பார்த்தோமே.

துணியில் இதே யோசனையைத் துணிந்து செய்து காட்டியது இத்தாலியின் பெனட்டன் நிறுவனம். லூச்சியானோ பெனட்டனும் அவருடைய உடன்பிறந்தவர்களும் 1965-ல் ட்ரெவிசோ நகருக்குப் பக்கத்தில் தொடங்கிய கம்பெனி அது. கம்பளிச் சட்டை பின்னுபவர்கள் முதலில் நூலுக்குச் சாயம் ஏற்றி, பிறகு பின்னுவதுதான் வழக்கம். பின்னுவதற்கு நேரம் பிடிக்கும். அதனால் எந்த நிறம் எத்தனை என்பதை விற்பனைக்குப் பல மாதம் முன்பே முடிவு செய்ய வேண்டியிருந்தது. சட்டையின் அளவும் வடிவமும் ஓரளவு கணிக்கக்கூடியவை. அந்த வருடம் எந்த நிறம் ஓடும் என்பது யாருக்கும் பிடிபடாது. பெனட்டன் 1970-களில் வரிசையைத் திருப்பிப் போட்டது. சாயமில்லாத நூலில் சட்டையைப் பின்னி முடித்து வெளுப்பாகவே வைத்துக்கொண்டது. கடைகளில் எந்த நிறம் போகிறது என்று தெரிந்த பிறகு, முழுச் சட்டையையும் சாயத் தொட்டியில் இறக்கியது.

பெயிண்டைவிட இது கடினமான வேலை. திருப்பூரில் பனியன் துணியைப் பின்னி, கிரே துணியாகச் சாயப்பட்டறைக்கு அனுப்பி, நிறம் ஏறி வந்ததை வெட்டித் தைப்பதுதான் பொதுவான வரிசை. தைத்த பிறகு சாயம் என்று மாற்றினால் ஒவ்வொரு பாகமும் சாயத் தொட்டியின் சூட்டையும் ரசாயனத்தையும் தாங்க வேண்டும். துணி சுருங்கும், அதனால் சுருக்கத்தை அளந்து அந்த அளவு பெரிதாக வெட்ட வேண்டும். தையல் நூல் பாலியஸ்டராக இருந்தால் பருத்திக்குப் போடும் சாயம் அதில் ஏறாது. கருநீலச் சட்டையில் தையல் மட்டும் வெள்ளையாகப் பல்லிளிக்கும். அதனால் பருத்தி நூலில் தைக்க வேண்டும், அது பாலியஸ்டர் அளவுக்கு வலு இல்லாததால் மெஷினில் அதிகம் அறும். தடித்த மடிப்புகளுக்குள் சாயம் சரியாக இறங்காது. கழுத்துப்பட்டி வேறு லாட் நூலில் பின்னியிருந்தால் அதே தொட்டியில் ஊறினாலும் உடம்பிலிருந்து ஒரு இழை வேறுபட்டு நிற்கும். இத்தனைக்கும் தயாராகச் செய்வதால் ஒரு சட்டைக்கு ஆகும் செலவு கூடுகிறது.

கூடுதல் செலவை ஏற்கலாமா என்பதற்குப் பதில், தவறாகக் கணித்த சட்டைக்கு என்ன கதி என்பதில் இருக்கிறது. சீசன் முடிவில் பாதி விலைக்குத் தள்ளும் சட்டைகள் நிறையவாக இருந்தால், சாயத்துக்குக் கூடுதலாகக் கொடுப்பது மலிவு. எப்போதும் போகும் வெள்ளை, கறுப்பு, கருநீலம் போன்றவற்றில் அந்தப் பயம் இல்லை. அவற்றைத் தள்ளிப்போடுவது வீண். பெனட்டனும் எல்லாச் சட்டைகளுக்கும் இதைச் செய்யவில்லை, தன் உற்பத்தியில் ஒரு பகுதிக்குத்தான் செய்தது. பெயிண்ட் கடையிலும் அப்படித்தான். நாள்தோறும் விற்கும் சுத்த வெள்ளையும் கிரில் கதவுக்கான கறுப்பு எனாமலும் இன்றும் ரெடிமேடாகவே வருகின்றன.

துணியில் இன்னொரு எல்லையை வகுப்பது டிசைன். தொட்டியில் முக்கினால் முழுச் சட்டைக்கும் ஒரே நிறம்தான் வரும். சிவப்பும் வெள்ளையுமாகக் கோடு போட்ட பனியனுக்கு, பின்னும் முன்பே நூலுக்குச் சாயம் ஏற்றியாக வேண்டும். கட்டம் போட்டதற்கும் அப்படியே. அதனால் ஒரு சீசனுக்கு எத்தனை மாடல் கோடு, எத்தனை மாடல் ஒற்றை நிறம் என்று டிசைனர் வரையும்போதே, எவ்வளவு சரக்கில் நிறத்தைத் தள்ளிப்போட முடியும் என்பது பாதி முடிவாகிவிடுகிறது. கோடு போட்டதைக் குறைவான எண்ணிக்கையில் முதலிலேயே ஆர்டர் கொடுத்துவிட்டு, ஒற்றை நிற மாடல்களை வெளுப்பாகத் தைத்து வைத்துக்கொண்டு, முதல் இரண்டு வார விற்பனையைப் பார்த்துச் சாயத் தொட்டிக்கு அனுப்புவதுதான் இதைப் புரிந்த கம்பெனிகள் செய்யக்கூடியது. அதற்கு டிசைனரும் மெர்ச்சன்டைசரும் சாயப்பட்டறைக்காரரும் சீசன் தொடங்கும் முன்பே ஒரே மேசையில் உட்கார வேண்டும். அந்த இரண்டாவது வாரம் முடிந்ததும் சாயத் தொட்டி காலியாகக் கிடைக்க வேண்டும் என்பதால், நிறம் தெரியாமலேயே அந்த நாளுக்குத் தொட்டியை முன்பதிவு செய்து வைக்க வேண்டும்.